அம்மாச்சியின் வரத்துக் கணக்கு

ஒரு ஊரில் ஒரு அம்மாச்சி இருந்தாள். அவள் வீட்டு நடுவில் ஒரு முற்றம் இருந்தது. அந்த முற்றத்துக்குத் தினமும் காலையில் விருந்தாளிகள் வருவார்கள். ஒருத்தர்கூட வாசல் வழியாக வரமாட்டார்கள். எல்லாரும் மேலேயிருந்துதான் இறங்குவார்கள். யார் அவர்கள்?

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதைகளில் அதிகம் கேட்டு வாங்கப்படும் கதை இதுதான். இதில் ராஜா கிடையாது, பூதம் கிடையாது. ஒரு அம்மாச்சி, செல்லி என்று ஒரு பேத்தி, பழைய காலண்டர் தாள் ஒன்று, கொஞ்சம் பறவைகள். அவ்வளவுதான். ஆனால் கதை முடிவதற்குள் பிள்ளைகள் நாலு தடவையாவது சண்டை போட்டுக்கொள்வார்கள். எதற்குச் சண்டை என்று சொன்னால் உங்களுக்கும் கதை புரிந்துவிடும்.

செல்லிக்குப் பள்ளிக்கூடத்தில் நேர்க்கோட்டுக் குறி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒரு கோடு. நாலு கோடு நின்றபின் ஐந்தாவது கோட்டை அந்த நாலின் மேல் குறுக்கே போட வேண்டும். லீவுக்கு அம்மாச்சி வீட்டுக்கு வந்தவள், முற்றத்துக்கு வரும் பறவைகளை இப்படி எண்ணப்போவதாகப் பெரிய மனுஷி மாதிரி அறிவிக்கிறாள்.

"இதையா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறாங்க?" என்று அம்மாச்சி சிரிக்கிறாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரைக் காட்டுகிறாள். கரிக்கட்டியால் போட்ட கோடுகள். காலைப் பால் ஒரு கோடு, சாயங்காலப் பால் ஒரு கோடு. மாசக் கடைசியில் பால்காரர் வந்து நின்று எண்ணிப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு போவார். அப்புறம் ஈரத் துணியால் ஒரு துடைப்பு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாச்சிக்குக் கணக்குப் புத்தகம் அந்தச் சுவர்தான்.

(இந்தப் பால் கணக்கு என் சொந்த அம்மாச்சியிடமிருந்து கதைக்குள் வந்தது. கதையில் மீதி எல்லாம் என் அம்மாவும் என் மகளும். கும்பகோணத்துப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். முற்றம் இருக்கும் வீடு அந்தத் தெருவில் இன்னும் இரண்டோ மூன்றோதான்.)

செல்லி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போடுகிறாள். காக்கா, மைனா, தவிட்டுக்குருவி, புறா, சிட்டுக்குருவி. அம்மாச்சிக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் படமும் வரைகிறாள். அம்மாச்சி காலையில் ஏழு மணிக்கு ஒரு பிடி சோற்றை முற்றத்துத் தரையில் வைப்பது வழக்கம். வைத்ததிலிருந்து கால் மணி நேரம் எண்ணுவது என்று ஏற்பாடு. இருவரும் தாழ்வாரத்துத் தூணோரம் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

முதல் நாள் முடிவில் காக்கா கட்டத்தில் நாலு ஐந்தும் ஒரு மூன்றும். ஆக 23. செல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மாச்சி, இருபத்து மூணு காக்கா வந்துச்சு!"

அம்மாச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்கிறாள். "ஏண்டி, இந்தத் தெரு முழுக்கச் சேர்த்தாலும் அத்தனை காக்கா இருக்குமா? அந்த நொண்டிக் காக்கா இருக்கே, அதுக்கு நீ எத்தனை கோடு போட்டே?"

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிடுவேன். மொட்டைமாடியில் முதல் சண்டை இங்கேதான் வெடிக்கும். ஒரு கட்சி, "அஞ்சு தடவை வந்தா அஞ்சு கோடுதானே!" என்று கத்தும். இன்னொரு கட்சி, "ஒரே காக்காதானே, ஒரு கோடுதான்" என்று கத்தும். ஒரு பையன் மட்டும், நொண்டிக் காக்காயைக் கண்டுபிடிக்கலாம், மற்ற காக்காயெல்லாம் ஒரே மாதிரி இருக்குமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அது.

காகம் சோற்றை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டு விளிம்புக்குப் போகும். தின்றுவிட்டு மறுபடி இறங்கும். இறங்கும்போதெல்லாம் கோடு போட்டால் 23 வரும். அது பொய்யில்லை. முற்றத்தில் 23 தடவை காகம் இறங்கியது நிஜம். ஆனால் அது காகங்களின் எண்ணிக்கை இல்லை.

அம்மாச்சி ஒரு வழி சொல்கிறாள். "ஊர்ல ரெண்டு கணக்கு உண்டு. சந்தைக்கு எத்தனை வண்டி வந்துச்சுங்கிறது வரத்துக் கணக்கு. ஊர்ல எத்தனை தலைங்கிறது தலைக்கணக்கு. நீ ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டு உழப்பாதே."

தலைக்கணக்கை எப்படி எடுப்பது? ஒரே நேரத்தில் முற்றத்தில் கண்ணுக்குத் தெரியும் காகங்களை எண்ணு. இப்போது இரண்டு. கொஞ்ச நேரத்தில் மூன்று. அப்புறம் நாலு. அப்புறம் மறுபடி ஒன்று. அந்தக் கால் மணி நேரத்தில் அதிகபட்சம் ஒன்றாகத் தெரிந்தது நாலு. அந்த நாலை மட்டும் எழுது. ஒரே சமயத்தில் நாலு நின்றதால் நாலும் வேறு வேறு காக்கா என்பது நிச்சயம். அதற்குமேல் இருக்கலாம், குறைவாக இருக்க வழியே இல்லை.

செல்லி கட்டத்தைத் திருத்தினாள். காக்கா: வரத்து 23, தலை 4. மைனா: வரத்து 9, தலை 2. இருபத்து மூன்றைப் பார்த்து வந்த பெருமை நாலைப் பார்த்ததும் வடிந்துபோனது. அதையும் கதையில் சொல்வேன். எண்ணுகிறவர்களுக்கு எண் பெரிதாக வர வேண்டும் என்று ஒரு ஆசை எப்போதும் உண்டு. பெரியவர்களுக்கும்தான்.

இந்தத் தலைக்கணக்கு என் அம்மா கண்டுபிடித்ததா என்றால், ஆமாம். ஆனால் அவருக்கு முன்னாலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1976-ல் வீட்டுத் தோட்டத்தில் தீனி வைத்துப் பறவைகளை எண்ணும் ஒரு கணக்கெடுப்பு தொடங்கியது. 1987-லிருந்து அது ஃபீடர்வாட்ச் என்ற பெயரில் வட அமெரிக்கா முழுக்க நடக்கிறது. அதிலும் இதே விதிதான்: ஒரே நேரத்தில் கண்ணில் பட்டதில் அதிகபட்சம் எத்தனையோ, அதை மட்டும் எழுத வேண்டும். வந்து வந்து போகிறதையெல்லாம் கூட்டக் கூடாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அங்கயும் நொண்டிக் காக்கா இருக்கும்போல" என்றார்.

அடுத்த சண்டை தவிட்டுக்குருவியால். பழுப்பு நிறம், மஞ்சள் அலகு, வெளுத்த கண். தனியாக வரவே வராது. கூட்டமாக வந்து தரையில் தத்தித் தத்தி, சருகைப் புரட்டி, ஒரே இரைச்சல். செல்லி எண்ணுகிறாள்: ஐந்து, ஆறு, இல்லை எட்டு, இல்லை இல்லை ஆறு. துளசி மாடத்துக்குப் பின்னால் போனது எது, முன்னால் வந்தது எது என்று தெரியவில்லை. அழுகை வந்துவிடும்போல இருக்கிறது.

"தின்கிறப்போ எண்ணாதே, போறப்போ எண்ணு" என்கிறாள் அம்மாச்சி.

நீங்களே பார்க்கலாம். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பும்போது எல்லாம் சேர்ந்து ஜிவ்வென்று பறப்பதில்லை. முதலில் ஒன்று தாழ்வாகப் பறந்து எதிர்ப்பக்கம் போகும். அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த வெளியைக் கடக்கும். அப்போது ஓட்டு விளிம்பில் ஒரு இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கடக்கக் கடக்கக் கோடு போட்டால் போதும். குறுக்குக் கோடு அப்போதுதான் உதவும். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமலே கை தானாகப் போடும். செல்லிக்கு ஒரு ஐந்தும் ஒரு இரண்டும் வந்தது. ஏழு.

களத்தில் நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். என் மகளுக்கு அம்மா அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். தவிட்டுக்குருவி கடக்கும்போது அவள் "லாபம், ரெண்டு, மூணு" என்று முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும்!

மூன்றாவது சண்டை சின்னது. ஆனால் எனக்குப் பிடித்தது. ஒரு நாள் செல்லி எழுந்ததே எட்டரை மணிக்கு. அவசரமாக வந்து பார்க்கிறாள், முற்றத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. கட்டத்தில் எல்லாவற்றுக்கும் சுழி போட்டுவிட்டாள். அம்மாச்சி அந்தச் சுழிகளை அழிக்கச் சொல்கிறாள். "பார்த்தும் வரலைன்னா சுழி. நாமளே பார்க்கலைன்னா காலியா விடு. நீ தூங்கினதுக்குக் காக்கா என்ன பண்ணும்?"

பால் கணக்கில் பழகியவளுக்கு இது தெரியும். பால் வாங்காத நாளும், வாங்கிவிட்டுக் கோடு போட மறந்த நாளும் ஒன்றில்லை. இரண்டும் சுவரில் ஒரே மாதிரி வெறுமையாகத் தெரிந்தால் மாசக் கடைசியில் வாசலில் சண்டைதான். அதனால் பால் வாங்காத நாளுக்கு அவள் ஒரு சின்ன வட்டம் போட்டு வைப்பாள். காலியிடம் என்றால் மறதி என்று அர்த்தம்.

பொங்கல் நாட்களில் தமிழகத்தில் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எல்லாம் எழுதி, இ-பேர்டு என்ற தளத்தில் ஏற்ற வேண்டும். அதிலும் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். ஏழு மணிக் காக்காயையும் எட்டரை மணிக் காக்காயையும் ஒன்றாகக் கட்டிவைக்க முடியாதல்லவா?

கதை முதலில் இந்த இடத்தில் முடிந்துவிடும். செல்லி தாளைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போவாள், அம்மாச்சி கையசைப்பாள், சுபம். போன கோடை லீவில்தான் கதைக்கு இரண்டாம் பாதி வந்தது. அது நான் கட்டியதில்லை.

அம்மா இருக்கும் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு. இரண்டிலும் ஓட்டு மேல் ஏறி முற்றத்தில் இறங்கியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து அண்ணன் உடனே கிளம்பி வந்துவிட்டான். முற்றத்தை மூடியே ஆக வேண்டும் என்றான். மேலே ஷீட் போட்டுவிட்டால் மழைத் தண்ணீரும் வராது, பாசி பிடிக்காது, அம்மா வழுக்கி விழவும் மாட்டார். அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எழுபத்து நாலு வயது அம்மா, ராத்திரியில் தனியாக இருக்கிற வீடு. எனக்கும் பயம்தான்.

அம்மா ஷீட் வேண்டாம் என்றார். வெளிச்சம் போய்விடும், புழுக்கமாகும் என்றார். கடைசியில் இரும்பு கிரில் என்று முடிவானது. கிரில் மேல் புறாவுக்காக ஒரு வலையும் கட்டிவிடலாம் என்றார் பட்டறைக்காரர். அதற்கு மட்டும் அம்மா அசைந்து கொடுக்கவில்லை. கம்பிக்குக் கம்பி நாலு அங்குல இடைவெளி, வலை கிடையாது.

என் மகள் அப்போது அங்கே இருந்தாள். கிரில் போடுவதற்கு முந்தைய வாரம் ஏழு நாளும் அவளும் அம்மாவும் எண்ணி வைத்திருந்தார்கள். காலையில் முற்றம். சாயங்காலம் கொல்லைப்பக்கம் கொய்யா மரத்தடி. ஒரு இடத்தில் சும்மா இருக்க முடியாத பிள்ளை, அதனால் வந்த இரண்டாவது கட்டம் அது. அது எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கிரில் வந்தபின் ஒரு வாரம். அதே ஏழு மணி, அதே ஒரு பிடி சோறு, அதே கால் மணி. தலைக்கணக்கு மட்டும் சொல்கிறேன். காக்கா, முன்பு தினமும் நாலு, ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் மூன்று. கிரிலுக்குப் பின் ஏழு நாளும் சுழி. மைனா முன்பு இரண்டு, சில நாள் மூன்று. பின்பு ஒரே ஒரு நாள் ஒன்று, மற்ற நாளெல்லாம் சுழி. சிட்டுக்குருவி முன்பு இரண்டு, பின்பும் இரண்டு. ஒரு நாள் மட்டும் வரவில்லை. அதற்கு நாலு அங்குலம் ராஜபாட்டை.

என் மகள் முன் வாரத்துக் காக்காயைக் கூட்டி, "மாமா, இருபத்தெட்டு காக்கா வந்துக்கிட்டிருந்துச்சு, இப்ப ஒண்ணுகூட இல்லை" என்று அண்ணனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அம்மா போனைப் பிடுங்கி, "நாலு காக்காடா, ஏழு நாள் வந்துச்சு, அதைத்தான் சொல்றா" என்று திருத்தியிருக்கிறார். மகனுக்கு எதிராகப் பேசும்போதுகூடக் கணக்கைப் பெரிதாக்க விடவில்லை!

அண்ணன் லேசில் ஒத்துக்கொள்கிறவன் இல்லை. "வெயில் ஏறிப்போச்சும்மா, சித்திரை ஆரம்பிச்சாச்சு. கூடு கட்டப் போயிருக்கும். கிரில்லாலதான்னு எப்படிச் சொல்றே?" என்றான். நியாயமான கேள்வி. இரண்டு வாரத்துக்கு நடுவில் மாறியது கிரில் மட்டுமில்லையே, வெயிலும்தான் மாறியது.

அம்மா கொய்யா மரத்தடித் தாளை எடுத்து வைத்தார். அங்கே காக்கா, முன் வாரமும் மூன்று நாலு, பின் வாரமும் மூன்று நாலு. மைனா இரண்டு வாரமும் இரண்டு மூன்று. இருபதடி தூரத்தில் இருக்கும் கொல்லைக்கு அதே வெயில்தான், அதே சித்திரைதான். அங்கே குறையாதது இங்கே மட்டும் குறைந்திருக்கிறது என்றால், முற்றத்துக்கு மட்டும் புதிதாக வந்தது எது? அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அந்தத் தாளை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லு" என்றான்.

கொய்யா மரத்துத் தாள் மட்டும் இல்லாமலிருந்தால் இந்தக் கோடுகளால் எதையும் சாதித்திருக்க முடியாது. அதுவும் சாயங்காலக் கணக்கு, முற்றத்தோடு நேருக்கு நேர் ஒப்பிடச் சரிப்படாது. முற்றத்தில் நாலு, கொய்யாவில் மூன்று என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து எந்த இடத்துக்குப் பறவை அதிகம் வருகிறது என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு இடத்தையும் அதன் பழைய வாரத்தோடு வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். அம்மா அதைத்தான் செய்தார்.

பத்து நாளில் பட்டறைக்காரர் மறுபடி வந்தார். கிரில் நடுவில் மூன்றடிக்கு மூன்றடி ஒரு துண்டை அறுத்து, கீல் வைத்து, கதவு மாதிரி மாட்டினார். கிணற்றடியில் சும்மா கிடந்த கப்பியை எடுத்துச் சட்டத்தில் கட்டி ஒரு கயிறு. காலை ஆறரைக்கு அம்மா தாழ்வாரத்தில் நின்றபடி கயிற்றை இழுத்துத் தூணில் மாட்டினால் கதவு மேலே திறக்கும். பொழுது சாயும்முன் அவிழ்த்துவிட்டால் மூடிக்கொள்ளும், ஒரு பூட்டு. செலவு அண்ணனுடையது. அவன் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் "காக்காய்க்குக் கதவு வெச்ச வீடு" என்று சிரிக்கிறான். யார் கேட்டாலும் சொல்கிறான் என்பதைக் கவனித்தேன்.

கதவு திறந்த முதல் இரண்டு நாள் சுழி. மூன்றாம் நாள் மைனா ஒன்று இறங்கியது. மறுநாள் இரண்டு. காக்கா மட்டும் வரவில்லை. சோற்றைப் பார்க்கும், கதவைப் பார்க்கும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அம்மாவைப் பார்க்கும். கிரில் கம்பியின்மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் கத்திவிட்டுப் போய்விடும்.

என் மகளுக்கு இப்போது பெரிய சிக்கல். கம்பிமேல் இரண்டு காக்கா உட்கார்ந்திருக்கிறது. இது வந்ததா, வரவில்லையா? "முற்றத்துக்கு வந்த பறவை" என்றுதானே தாளின் தலைப்பு? தரைதான் முற்றமா, மேலே தெரிகிற வானமும் முற்றமா? அம்மாவிடம் கேட்டாள். அம்மா யோசித்தார். வந்தது என்று எழுதினால் கதவு வைத்த உடனே காக்கா திரும்பிவிட்ட மாதிரி தெரியும். வரவில்லை என்று எழுதினால் இரண்டு காக்கா தினமும் வந்து உட்கார்ந்தது தாளில் இல்லாமலே போய்விடும்.

காக்கா கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொன்னார். அதற்குத் தலைப்பு: 'எட்டிப் பார்த்தது'. அதில் தினமும் இரண்டு கோடு விழுந்தது. என் மகள் ஊர் திரும்பிய பிறகும் அம்மா விடவில்லை, கட்டம் போடாமல் சுவரிலேயே கரிக்கட்டியால் போட்டுக்கொண்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது என்னிடம் மழையைப் பற்றிச் சொன்னார், மூட்டு வலியைப் பற்றிச் சொன்னார். பிறகு பேத்தியைக் கூப்பிடச் சொன்னார்.

"நொண்டிக் காக்கா இறங்கிருச்சுடி. ஒரு வாய் எடுத்துக்கிட்டு உடனே மேலே போயிருச்சு. எட்டிப் பார்த்ததுல ஒண்ணைக் குறைச்சு, வந்ததுல ஒண்ணு போட்டுக்க."